புண் தணிந்து கடல் புகுந்தவர்

குறுந்தொகை 269 எட்டே வரிப் பாட்டு. போன வாரம் கோத்தகிரியில் விடாத மழை, கரண்ட்டும் இல்லை, பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகளோடு உட்கார்ந்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் படித்தேன். அன்றிலிருந்து ஒரு சொல் என்னை விடவே இல்லை.

நெய்தல் பாட்டு. காதலிக்கும் பெண் தன் தோழியிடம் சொல்கிறாள்: தொலைவு போய் அவனிடம் சேதி சொல்ல ஆள் கிடைத்தால் நன்றாக இருக்குமே, "இனிவரின் எளியள்", இப்போது வந்தால் என்னைப் பார்ப்பது சுலபம். ஏன் சுலபம்? வீட்டில் யாரும் இல்லை. அதைச் சொல்லும் நாலு வரிதான் எனக்கு முழுப் பாட்டும்:

வயச்சுறா எறிந்த புண் தணிந்து எந்தையும்
நீனிறப் பெருங்கடல் புக்கனன், யாயும்
உப்பை மாறி வெண்ணெல் தரீஇய
உப்புவிளை கழனிச் சென்றனள்

"அப்பா கடலுக்குப் போயிட்டார், அம்மா உப்பு விக்கப் போயிட்டாங்க, அதனால நீ வா. இவ்வளவுதானேம்மா?" என்றாள் மகள். கதை அவ்வளவுதான். ஆனால் அப்பா இவ்வளவு நாள் ஏன் வீட்டில் இருந்தார் என்று பாரு என்றேன். வலிமையான சுறா ஒன்று அவரைத் தாக்கியிருக்கிறது. படுத்துக் கிடந்திருக்கிறார். இப்போது எழுந்து, அதே நீலக் கடலுக்குள் போய்விட்டார். பரிகாரம் செய்தார், பயந்தார், மனைவி தடுத்தாள் என்று ஒரு வார்த்தை கிடையாது. அந்தப் பெண்ணும் அதை ஒரு பெரிய சேதியாகச் சொல்லவில்லை, பால்காரர் வந்துவிட்டுப் போனதைச் சொல்வது மாதிரிப் போகிற போக்கில் சொல்லிவிட்டுத் தன் காதலுக்கு வந்துவிடுகிறாள். எனக்கு நெஞ்சை அடைத்தது அங்கேதான்.

அப்புறம் அந்தச் சொல், "தணிந்து". புண் ஆறியது என்போம், காய்ந்தது என்போம். தணிவது எது? காய்ச்சல், கோபம், சூடு. எல்லாமே திரும்ப வரக்கூடியவை. புண் முழுக்க ஆறும்வரை அந்த மனிதர் காத்திருக்கவில்லை, வலி கொஞ்சம் அடங்கியதும் வலையை எடுத்துவிட்டார் என்றுதான் நான் வாசிக்கிறேன். உரைகாரர்கள் வேறு மாதிரி சொல்லட்டும், எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவை இரண்டு வருஷத்துக்கு முன்னால் தேயிலைக் காட்டில் காட்டெருமை முட்டியது. தொடையில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல். ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலை, பனி விலகுவதற்குள், இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு கூடையோடு என் வாசலைத் தாண்டிப் போனார், அந்தக் காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டே. "அக்கா, இன்னும் ஒரு வாரம் கழிச்சுப் போகக்கூடாதா?" என்றேன். "இலை முத்திப்போயிடும்ல" என்றார். காட்டெருமை மேல் அவருக்கு ஒரு கோபமும் இல்லை. இந்தப் பாட்டைப் படித்தபோது அவர் நடைதான் கண்ணில் வந்தது.

இன்னொன்றும் உண்டு. அம்மா உப்பைக் கொடுத்து வெண்ணெல் வாங்கி வரப் போயிருக்கிறாள். அவள் போன இடம் "உப்புவிளை கழனி". கழனி என்பது நெல் வயலுக்குச் சொல்லும் சொல், அதையே உப்பளத்துக்கும் வைத்திருக்கிறார்கள், கடல்தான் இவர்களுக்கு வயல். அப்பாவின் சதையைக் கிழித்த கடலும், பானையில் சோறாக வரும் கடலும் நாலு வரிக்குள் ஒன்றாகக் கிடக்கின்றன. அதை நல்லது என்றோ கெட்டது என்றோ பாட்டு ஒரு அடைமொழிகூடப் போடவில்லை. நீலம், பெரிது, அவ்வளவுதான்.

இது பழங்கதை என்று நினைக்க முடியவில்லை. குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்து மீனவர்கள் இன்றும் சுறா பிடிப்பதில் பேர்போனவர்கள், தூண்டிலோடு நாள்கணக்கில் ஆழ்கடலில் கிடப்பவர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது எச்சரிக்கை வருமுன்பே அவர்களில் பலர் கடலுக்குள் போயிருந்தார்கள். திரும்பாதவர்களின் வீட்டுப் பெண்கள் போட்டோவைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்ததை டிவியில் பார்த்து அழுதிருக்கிறேன். அந்தக் கரையில் பிறகும் படகுகள் இறங்கின.

மகள் புத்தகத்தை வாங்கித் திரும்பப் படித்தாள். "அந்த அப்பா திரும்பி வந்தாராம்மா?" என்றாள். பாட்டில் அது இல்லை. புக்கனன், புகுந்தார், அதோடு சரி. அவள் மெழுகுவத்தியைக் கிட்டே இழுத்து, முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.