இணுவிலில் இரண்டு பின்னேரங்கள்: எங்கள் ஊர் ஆடுகிறது, ரிக்கற் விற்பனை ஆரம்பம்

எங்கள் நடன, கூத்து விழா 2026 ஜூலை 18 சனி, 19 ஞாயிறு. இரண்டு நாளும் பின்னேரம் 5.30க்குத் தொடக்கம். இடம்: இணுவில், எங்கள் வாசிகசாலை மண்டபம். ரிக்கற் 500, 1,000, 1,500 ரூபா. ஜூன் 27 சனிக்கிழமை காலை 9 மணியில் இருந்து வாசிகசாலையில் நேரில் வாங்கலாம். இந்தப் பக்கத்துக்குச் செய்தி அனுப்பியும் பதியலாம்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு இவ்வளவும் போதும். மற்றவர்கள் மிச்சத்தை ஆறுதலாக வாசியுங்கள்.

போன வருடம் இதே மண்டபத்தில் இலவசமாகத்தான் நடத்தினோம். 240 கதிரைகள் போட்டோம். அதைவிட எவ்வளவோ கூடுதலான சனம் வந்தது. வந்ததில் எங்களுக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் பேத்தி முதன்முதலாக மேடையேறுவதைப் பார்க்க வந்த ஓர் அம்மம்மா, யன்னல் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கால் ஏலாமல் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார். பேத்தியின் ஆட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. அடுத்த நாள் அந்தப் பிள்ளை வகுப்புக்கு வந்து, “அம்மம்மா என்னைப் பார்க்கேல்லையாம் ரீச்சர்” என்று சொன்னபோது எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. இந்த முறை ஒவ்வொரு கதிரைக்கும் இலக்கம் போட்டதற்கும், ஒரு நாளை இரண்டு நாளாக்கியதற்கும் காரணம் அதுதான்.

இனி மேடைக்கு வருவோம். ஏழு வயதில் இருந்து அறுபத்தெட்டு வயது வரை 46 பேர் ஆடுகிறார்கள். முதல் பாதி பரதம். சின்னவர்களின் புஷ்பாஞ்சலி, அலாரிப்பு, ஜதிஸ்வரம், பிறகு பெரிய பிள்ளைகளின் பதமும் தில்லானாவும். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளைத் தரம் தரமாக எழுதிவரும் பிள்ளைகள் இவர்கள். பரீட்சை மண்டபத்தில் பரீட்சகருக்கு முன்னால் ஆடிக் காட்டியதை இங்கே தங்கள் சனத்துக்கு முன்னால் ஆடப் போகிறார்கள். பாட்டு, நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின் எல்லாம் மேடையிலேயே நேரடியாக நடக்கும். பதிவு செய்த இசைக்கு ஆடுவது செலவு குறைவுதான். ஆனால் சின்னப் பிள்ளை ஓர் அடவில் அரைக் கணம் பிந்தினால், மிருதங்கக்காரர் அதைக் கண்டு தாளத்தை விடாமல் அவளைக் கூட்டிக்கொண்டு போவார். ஸ்பீக்கர் பெட்டிக்கு அது தெரியாது.

இடைவேளைக்குப் பிறகு கிராமிய நடனங்கள்: கும்மி, கோலாட்டம், செம்பு நடனம், சுளகு நடனம், காவடி. சுளகு நடனத்துக்கு வாங்கிய சுளகுகளில் பாதி புதிது. மீதி வீடுகளில் இருந்து வந்தவை, ஓரம் தேய்ந்து, அரிசிமா படிந்து வெளுத்துப் போனவை. ஒத்திகையில் கேட்டபோது பழைய சுளகுகளில்தான் புடைக்கும் சத்தம் சரியாக விழுந்தது. புதியவற்றை எட்டு வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோம், பாரம் குறைவென்பதால்.

கடைசியாக வருவது காத்தவராயன் கூத்தில் இருந்து ஒரு பகுதி, ஏறத்தாழ நாற்பது நிமிடம். ஆடுபவர்கள் ஊர்ப் பெரியவர்கள். மாரியம்மன் கோவில் வீதிகளில் விடிய விடிய நடந்த கூத்து இது. சிந்துநடைக் கூத்து என்று சொல்வார்கள். பாடுபவரின் காலும் சும்மா நிற்காது, பாட்டின் நடையோடு சேர்ந்து துள்ளிக்கொண்டே இருக்கும். இருபது வருடமாகக் கட்டாத வேஷத்தைத் திரும்பக் கட்டுகிற ஒருவர், முதல் நாள் ஒத்திகையில் வரிகளை மறந்து நின்றார். ஆர்மோனியம் தொடங்கியதும் கால் தானாக எழும்பியது, வரியும் பின்னாலேயே வந்தது. இந்த நாற்பது நிமிடத்துக்காகவாவது கடைசி வரை இருங்கள் என்று எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, கதிரைகள். மண்டபத்தில் பன்னிரண்டு வரிசை. உயிரெழுத்தும் பன்னிரண்டு என்பதால் வரிசைகளுக்கு அ முதல் ஔ வரை பெயர் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வரிசையிலும் 20 இடம். நடுவில் நடைபாதை, அதற்கு இடப்பக்கம் 1 முதல் 10, வலப்பக்கம் 11 முதல் 20. உங்கள் ரிக்கற்றில் “ஈ 14” என்று இருந்தால், மேடையில் இருந்து நான்காவது வரிசை, வலப்பக்கம்.

அ வரிசை: 500 ரூபா. எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், நடக்க ஏலாதவர்களுக்கும் மட்டும். 16 கதிரைகளும், சக்கர நாற்காலிக்கு 4 இடங்களும்.
ஆ, இ, ஈ, உ: 1,500 ரூபா.
ஊ, எ, ஏ, ஐ, ஒ: 1,000 ரூபா.
ஓ, ஔ: 500 ரூபா.

பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மேடைக்கு முன்னால் பாய் விரிக்கிறோம். காசு இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு 50 பிள்ளைகளுக்குத்தான் இடம் உண்டு, ஆகவே அவர்களுக்கும் ரிக்கற் எடுக்க வேண்டும். மடியில் வைத்திருக்கும் குழந்தைக்குத் தேவையில்லை.

முன்வரிசை பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் விழாக்களில் முன்வரிசை என்றால் சோபா போட்டு, வெள்ளைத் துணி விரித்துப் பிரமுகர்களுக்கு வைப்பதுதான் வழக்கம். இந்த முறை அப்படி இல்லை. முன்வரிசை கண் மங்கிய, காது மந்தமான முதியவர்களுக்கும் நடக்க ஏலாதவர்களுக்கும் உரியது. இலவச ரிக்கற்றும் ஒருவருக்கும் அடிக்கவில்லை, வாசிகசாலை நிர்வாகத்தில் இருக்கும் நாங்களும் காசு கொடுத்தே வாங்குகிறோம். மங்கல விளக்கு ஏற்றுவோம், தேவாரம் பாடுவோம், உடனே புஷ்பாஞ்சலி. தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை எதுவும் கிடையாது. அலங்காரம் முடித்த பிள்ளைகள் வியர்த்தபடி ஒன்றரை மணித்தியாலம் பக்கத்து அறையில் காத்திருந்ததைப் பலமுறை பார்த்துவிட்டோம்.

மண்டபம் நிரம்பினால் ஒரு நாளைக்கு 250,000 ரூபா சேரும், இரண்டு நாளுக்கு ஐந்து இலட்சம். பெரும்பகுதி பக்கவாத்தியக் கலைஞர்களின் சன்மானத்துக்கும், ஒலி ஒளிக்கும், ஜெனரேற்றருக்கும், உடுப்புத் தைத்த கூலிக்கும் போகிறது. மிஞ்சுவதில் சலங்கை வாங்குவோம். இப்போது வகுப்பில் இருக்கும் பொதுச் சலங்கைகள் பெரியவர்களின் அளவு. சின்னப் பிள்ளைகளின் காலுக்கு இறுகவேண்டும் என்று தோல் வாரில் ஆணியைச் சுடவைத்து மேலதிகமாகத் துளை போட்டிருக்கிறோம். சில வார்களில் துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கிழியத் தொடங்கிவிட்டன. சொந்தமாக வாங்க வசதியில்லாத பிள்ளை அதற்காக வகுப்பை விட்டு நிற்கக்கூடாது. வரவு செலவுக் கணக்கை ஓகஸ்ட் முதல் வாரத்தில் வாசிகசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டுவோம், இங்கேயும் போடுவோம்.

ரிக்கற் எடுப்பது எப்படி என்றால், நேரில் வருவதுதான் எல்லாவற்றிலும் இலகு. திங்கள் முதல் வெள்ளி வரை பின்னேரம் 4.30 முதல் 7 மணி வரை, சனி ஞாயிறு காலை 9 முதல் 12 வரை வாசிகசாலை முன்மேசையில் ஒருவர் இருப்பார். சுவரில் மண்டபத்தின் படம் பெரிய மட்டையில் தொங்கும், நாளுக்கு ஒன்றாக இரண்டு. உங்களுக்குப் பிடித்த கதிரையைக் காட்டினால் அதைச் சிவப்புப் பேனையால் நிரப்பிவிட்டு ரிக்கற்றைக் கையில் தருவோம். காசாகக் கொடுக்கலாம், வங்கியில் போட்ட பற்றுச்சீட்டைக் காட்டியும் எடுக்கலாம்.

வர வசதியில்லாதவர்கள் இந்தப் பக்கத்தின் இன்பொக்ஸுக்கு நான்கு விடயங்களை எழுதி அனுப்புங்கள்: பெயர், எந்த நாள், எந்த விலையில் எத்தனை, கூட வரும் சின்னப் பிள்ளைகள் எத்தனை. கதிரை இலக்கங்களையும் வாசிகசாலையின் வங்கிக் கணக்கு விவரத்தையும் அன்றிரவே பதிலாக அனுப்புவோம். 48 மணித்தியாலத்துக்குள் காசைப் போட்டுப் பற்றுச்சீட்டைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். அதற்குள் வராவிட்டால் அந்தக் கதிரைகள் அடுத்தவருக்குப் போய்விடும். தயவுசெய்து கொமென்றில் “எனக்கு நாலு வையுங்கோ” என்று மட்டும் எழுதிவிட்டு இருந்துவிடாதீர்கள், அதைப் பதிவாக எடுக்க மாட்டோம். ஒருவருக்கு ஆகக்கூடியது ஆறு ரிக்கற்.

கனடா, லண்டன், சுவிஸ் என்று வெளியில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் வர முடியாவிட்டாலும், இங்கே இருக்கும் அம்மா, அப்பா, மாமி பெயரில் பதியலாம். அவர்களின் பெயரையும் வீடு இருக்கும் ஒழுங்கையையும் எழுதினால் ரிக்கற்றை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்போம். தனியாக இருக்கும் முதியவர்களைக் கூட்டிவர இரண்டு ஓட்டோ ஒழுங்கு செய்திருக்கிறோம், அதற்கும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

வர முடியாமல் போனால் ஜூலை 15 புதன்கிழமை வரை ரிக்கற்றைத் திருப்பித் தந்து முழுக்காசையும் பெற்றுக்கொள்ளலாம். அதற்குப் பிறகு காசு திரும்பாது, ஆனால் வேறொருவரிடம் கொடுத்து அனுப்பலாம். மிஞ்சிய ரிக்கற் இருந்தால் மட்டும் அன்றைய தினம் 4.30 முதல் வாசலில் விற்போம்.

வழி: காங்கேசன்துறை வீதியால் வரும் பஸ்ஸில் இணுவிலில் இறங்கினால் நடைதூரம். ரயிலில் வருபவர்களுக்கு இணுவில் நிலையம் இருக்கிறது. சைக்கிள், மோட்டார் சைக்கிளை வாசிகசாலை வளவுக்குள் விடலாம். கார், வான் பக்கத்துக் காணியில். 4.45க்குப் படலை திறக்கும். 5.30க்குப் பிறகு வருபவர்களை ஓர் உருப்படி முடிந்து அடுத்தது தொடங்குமுன்தான் உள்ளே விடுவோம். போனில் படம் எடுக்கலாம், பிளாஷ் வேண்டாம். பின்வரிசைக்காரரின் கண்ணை மறைத்து நீளமாக வீடியோ பிடிக்கவும் வேண்டாம். முழுவதையும் நாங்களே பதிவு செய்கிறோம், ஆடிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் தருவோம்.

ஆடிப்பிறப்பை ஒட்டி வரும் நாட்கள் என்பதால் இடைவேளையில் எல்லாருக்கும் ஆடிக்கூழ். பனங்கட்டி, தேங்காய்ப்பால், வறுத்த பயறு, பல்லுப்பல்லாக வெட்டிய தேங்காய்ச் சொட்டு, எல்லாம் போட்டதுதான். அதற்குத் தனிக் காசு இல்லை. பிளாஸ்ரிக் கோப்பையில் ஊற்ற மனமில்லை, பிளாவில் கொடுக்க விரும்புகிறோம். ஓலை இருக்கிறது, கோலத் தெரிந்த கைதான் போதாது. பிளா கோலத் தெரிந்தவர்கள் சனிக்கிழமை காலை 8 மணிக்கு வாசிகசாலைக்கு வந்தால் பெரிய உதவி. பழக விரும்பும் பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள், தேத்தண்ணி எங்கள் செலவு.