நாளைக்கு நான் வர முடியாது, நீங்கள் நாலு பேரும் கிளம்புங்கள்

உமா, மெய்யம்மை, செல்வி, பாத்திமா, நாலு பேருக்கும் தனித்தனியாகப் போன் போட நேரமில்லை, அதனால் குரூப்பிலேயே எழுதுகிறேன். நாளைக்குக் காலையில் கொடைக்கானலுக்கு நான் வர முடியாது. பெட்டியெல்லாம் கட்டி வைத்தாச்சு, ஆனால் முடியாது.

இன்று மதியம் பள்ளத்தூர் வீட்டில் அப்பத்தா விழுந்துவிட்டார்கள். திடீரென்று மழை பிடித்ததும் வளவில் காய வைத்திருந்த வற்றலை எடுக்க ஓடியிருக்கிறார்கள், ஆத்தங்குடிக் கல்லில் சாரல் விழுந்தால் எப்படி வழுக்கும் என்று உங்களுக்கே தெரியும், அதிலும் எண்பத்து நாலு வயதில் ஓட வேண்டுமா என்று கேட்டால் "வற்றல் என்னாச்சு" என்று ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டே கேட்கிறார்கள். இடுப்புப் பக்கம் எலும்பு முறிந்திருக்கிறது. மதுரைக்குக் கொண்டுவந்துவிட்டோம். படுக்கையிலேயே போட்டு வைத்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும், அதனால் தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளைக்குக் காலையிலேயே ஆபரேஷன், உடைந்த பந்தை எடுத்துவிட்டுச் செயற்கைப் பந்து வைப்பார்கள். சர்க்கரை, பிரஷர் எல்லாம் இப்போது கட்டுக்குள்தான் இருக்கிறது, பேச்சும் தெளிவாக இருக்கிறது.

நான்தான் இருக்க வேண்டுமா என்று மெய்யம்மை கேட்பாள், அதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே ராத்திரி கூடத் தங்க ஒரு ஆளைத்தான் விடுகிறார்கள், அதுவும் பெண்களாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, தரையில் படுத்து எழுந்திருக்க முடியாது. அப்பச்சி மருந்துக் கடைக்கும் கவுண்டருக்கும் அலைகிறார்கள். தம்பி சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு டிக்கெட் போட்டுவிட்டான், ஆனால் அவன் வந்து சேர சனிக்கிழமை ராத்திரி ஆகிவிடும். ஆக நாளையும் மறுநாளும் என்னை விட்டால் ஆளில்லை.

இப்போது பணக் கணக்கு. இதை இன்றைக்கே முடித்துவிடலாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நம் ஐந்து பேருக்குள் ஒருத்தி மனதில் வைத்துக்கொண்டு இன்னொருத்தி பேசாமல் இருந்து என்னவோ ஆகும். காட்டேஜுக்கு இரண்டு ராத்திரிக்கு 15,000 முழுசாகக் கட்டியாச்சு, அதில் என் பங்கு 3,000 அப்படியே இருக்கட்டும், எனக்குத் திருப்ப வேண்டாம். வண்டிக்குப் பேசியது 14,500, அட்வான்ஸ் 5,000 போக 9,500 பாக்கி. ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 1,900, நான் விலகினால் உங்கள் தலையில் ஆளுக்கு 475 கூடுதலாக ஏறும். அது ஏறக் கூடாது. என்னுடைய 1,900ஐ உமாவுக்கு ஜிபேயில் இப்போதுதான் அனுப்பினேன், வந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்லு. சாப்பாட்டுக்கும் டோலுக்கும் என்று உமாவிடம் ஆளுக்கு 1,500 போட்டு வைத்தோமே, அதில் என் பங்கில் டிரைவர் அண்ணனுக்குப் பேட்டா கொடுத்துவிடுங்கள், மீதியில் நன்றாகச் சாப்பிடுங்கள்.

நான் வராததால் நாமும் போக வேண்டாம் என்று நீங்கள் முடிவு பண்ணினால், அதுவும் சரிதான், எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த நஷ்டம் என்னுடையது. காட்டேஜ்காரரிடம் பேசிவிட்டேன், இவ்வளவு கிட்டத்தில் வந்து ரத்து செய்தால் பணம் வராது, தேதியும் மாற்ற முடியாது, இந்த வாரம் கூட்டம் அதிகம் என்கிறார். அவர் சொல்வதிலும் தப்பில்லை, நமக்காக மற்றவர்களை மறுத்திருக்கிறார். வண்டி அட்வான்ஸும் வராது. இரண்டும் சேர்த்து உங்கள் நாலு பேர் பணம் ஆளுக்கு 4,000, மொத்தம் 16,000, இந்த வாரமே உங்கள் கணக்கில் போட்டுவிடுவேன். போன மாதம் சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கிறது, அதனால் இவளுக்குச் செலவு வைக்கிறோமே என்று யாரும் சங்கடப்பட வேண்டாம், ஆஸ்பத்திரிச் செலவை அப்பச்சியும் தம்பியும் பார்த்துக்கொள்கிறார்கள். பாத்திமா, நீ "எனக்கு வேண்டாம்" என்று திருப்பி அனுப்புவாய், அனுப்பாதே, அனுப்பினால் உன் பையன் பெயரில் தபால் ஆபீஸில் போட்டுவிடுவேன்.

ஒன்றை மட்டும் என்னால் ஈடுகட்ட முடியாது. செல்வி கல்யாண சீசனில் தையல் கடையை மூன்று நாள் அடைக்கிறாள், மெய்யம்மை மாமியாரிடம் ஒரு மாதமாகப் பேசிப் பேசி அனுமதி வாங்கியிருக்கிறாள், பாத்திமா சம்பளம் இல்லாத லீவு போட்டிருக்கிறாள். இதற்கு எந்த ஜிபேயும் கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், போய் வாருங்கள். எனக்காகத் தள்ளிப்போட்டால் ஐந்து பேருக்கும் தோதான தேதி மறுபடி எப்போது அமையுமோ, இந்த ஒரு தேதிக்கே நாம் எவ்வளவு சண்டை போட்டோம்! நான் அப்பத்தா நடக்க ஆரம்பித்த பிறகு வேறு ஒரு இடத்துக்கு வருகிறேன், பிள்ளையார்பட்டி வரைக்கும் என்றாலும் சரி.

போவதாக இருந்தால் சில விஷயம். காட்டேஜ் என் பெயரில் இருந்ததை உமா பெயருக்கு மாற்றச் சொல்லிவிட்டேன், அதனால் உமா ஆதாரை மறக்காதே. இ-பாஸ் உமா எடுத்ததுதான், வண்டி எண்ணும் தேதியும் சரியாக இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார், மலையடிவாரத்தில் நிறுத்திக் கேட்டால் அங்கே சிக்னல் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம், முன்னாலேயே போனில் இறக்கி வைத்துக்கொள். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே வரி வாங்குகிறார்கள், எவர்சில்வர் பாட்டிலே எடுத்துப் போங்கள். வத்தலக்குண்டு தாண்டினால் வளைவுதான், மெய்யம்மைக்கு முன் சீட்டைக் கொடுங்கள், போன தடவை ஏற்காட்டில் பட்டது போதும்.

பலகாரம் தயார். மனகோலம் ஒரு டின், சீப்புச் சீடை ஒரு டின், மாவுருண்டை தூக்கில் இருக்கிறது. மூன்றும் செக்காலை வீட்டில் முகப்பிலேயே வைத்திருக்கிறது. வண்டி தேவகோட்டையில் செல்வியை ஏற்றிக்கொண்டு வரும்போது எங்கள் வாசலில் ஒரு நிமிடம் நிறுத்துங்கள், இவர் கொண்டுவந்து கொடுப்பார், அஞ்சரைக்கு எழுப்பி விடுவது என் பொறுப்பு. மாவுருண்டையை முதல் நாளே தீர்த்துவிடாதீர்கள், செல்வி, உன்னைத்தான்.

யாரும் இப்போது மதுரைக்குக் கிளம்பி வர வேண்டாம். ஐ.சி.யூ.வில் வைத்தால் எங்களையே உள்ளே விட மாட்டார்கள். ஆபரேஷன் முடிந்ததும் குரூப்பில் போடுகிறேன்.

போகிறீர்களா இல்லையா என்பதை ராத்திரி ஒன்பது மணிக்குள் ஒருத்தி எழுதுங்கள். டிரைவர் அண்ணன் ஒன்பதரைக்குப் படுத்துவிடுவார், அதற்குள் அவருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நீங்கள் போகவில்லை என்றால் அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

தேனு