திருத்திய பதில்: ஒப்படைத்த வேலைக்குக் கழிவு கேட்டவருக்கு

தம்பி,

நுவரெலியா விடுதிக்காரருக்கு நீ எழுதிவைத்த பதிலைப் படித்தேன். முதல் பந்தியிலேயே மூன்று இடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். பேசிய விலைக்கு, பேசிய தாளில் அச்சடித்து, பேசிய நாளில் கொடுத்திருக்கிறோம். மன்னிப்புக் கேட்க அதில் ஒன்றுமில்லை. அடுத்து வாடகை, மின்கட்டணம், சம்பளம் என்று நம் கஷ்டத்தை அடுக்கியிருக்கிறாய். அவர் தன் கஷ்டத்தைச் சொல்ல நாம் நம்முடையதைச் சொன்னால், யார் கஷ்டம் பெரியது என்ற பேச்சில்தான் போய் முடியும். "முதலாளியிடம் கேட்டுப் பார்க்கிறேன்" என்ற வரியை எடுத்துவிட்டேன். இன்னொரு தரம் கேட்டால் கிடைக்கும் என்றுதான் அவர் அதை வாசிப்பார். பிரசுரத்தின் அச்சுப் பிளேட்டுகள் நம்மிடம் இருப்பதை நீ குறிப்பிட்டது நல்ல யோசனை. அதை விரித்து எழுதியிருக்கிறேன். கீழே உள்ளதை இன்றே அனுப்பிவிடு.

ஹட்டன்
22.04.2025

அன்புள்ள ஐயா,

வணக்கம். மார்ச் 24ஆம் திகதி இன்வொய்ஸின் மொத்தத் தொகையான 170,500 ரூபாவில் 15 வீதம் கழிவு கேட்டு நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. ஏப்ரல் சீசனில் எதிர்பார்த்த அளவுக்கு அறைகள் நிரம்பவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்து வருந்தினேன்.

இந்த இன்வொய்ஸில் கழிவு தர இயலாது. 3,000 துண்டுப்பிரசுரங்களும் 200 உணவுப்பட்டியல் புத்தகங்களும் பெப்ரவரியில் நீங்கள் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட விலைக்கே அச்சடிக்கப்பட்டன. அந்த விலையைக் குறைக்க அப்போது வழி இருந்தது. 150 கிராம் ஆர்ட் தாளுக்குப் பதிலாக 130 கிராம் எடுத்திருக்கலாம். புத்தக அட்டைக்கு லெமினேட் செய்யாமல் விட்டிருக்கலாம். இரண்டையும் அன்று உங்களிடம் சொன்னோம். விருந்தினர் கையில் தரமாக இருக்க வேண்டும் என்று நீங்கள் விரும்பினீர்கள். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். இப்போது தாளுக்கும் மைக்கும் கூலிக்கும் பணம் கொடுத்து முடித்துவிட்டோம். இனிக் குறைத்தால் அது எங்கள் ஆட்களின் கூலியிலிருந்துதான் போகும்.

கொழும்பில் ஒரு பிரசுரத்துக்கு 31 ரூபா சொன்னதாகவும் நாங்கள் 38 ரூபா எடுத்ததாகவும் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்த விலை எத்தனை பிரதிக்கு, எந்தத் தாளுக்கு என்று கேட்டுப் பாருங்கள். ஓப்செட் அச்சில் பிளேட் செய்வதற்கும் இயந்திரத்தில் நிறம் பொருத்துவதற்கும் ஆகும் செலவு, 1,000 அடித்தாலும் 10,000 அடித்தாலும் ஒன்றுதான். பிரதி கூடக்கூட ஒன்றின் விலை இறங்கும். அதே தாளில் அதே 3,000 பிரதிக்குத்தான் 31 ரூபா என்றால், அந்த விலைக்குறிப்பை எனக்கு அனுப்புங்கள். அடுத்த வேலைக்கு விலை சொல்லும்போது அதை முன்னால் வைத்தே பேசுவோம்.

வேலையில் குறை இருந்தால் அது வேறு விஷயம். அச்சு நன்றாக வந்திருப்பதாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் இன்னும் பிரிக்காத பெட்டிகளில் நிறம் பிசகியதோ மடிப்புக் கோணியதோ கண்ணில் பட்டால் எடுத்து வையுங்கள். எண்ணிப் பார்த்து மறுபடி அடித்துத் தருவோம். காசு கேட்க மாட்டோம்.

உங்களுக்கு இப்போது பணம் புரள்வதுதான் சிரமம் என்றால், அதற்கு என்னால் உதவ முடியும். முற்பணம் போக மீதி 85,250 ரூபா. நாளைக்குள் முழுவதையும் கட்ட வேண்டியதில்லை. ஏப்ரல் 30ஆம் திகதிக்குள் 45,250 ரூபாவும் மே 31ஆம் திகதிக்குள் 40,000 ரூபாவும் செலுத்தினால் போதும். மேலதிகமாக எதுவும் சேர்க்க மாட்டோம்.

இன்னொன்று. பிரசுரத்தின் எட்டு பிளேட்டுகளையும் பத்திரமாக வைத்திருக்கிறோம். தொலைபேசி எண்ணோ அறைக் கட்டணமோ மாறாமல், இவ்வருட முடிவுக்குள் மறுபடி அடிக்கக் கொடுத்தால் பிளேட் செலவான 12,000 ரூபா உங்களுக்கு மிச்சம். அறைக் கட்டணம் அடிக்கடி மாறுவதென்றால், அதை மட்டும் தனித் தாளில் அடித்து உள்ளே செருகலாம், பிளேட் கெடாது. ஓகஸ்ட்டில் வெளிநாட்டு விருந்தினருக்கு மறுபதிப்புத் தேவைப்படலாம் என்று பெப்ரவரியில் நீங்கள் சொன்னது நினைவிருப்பதால் இதை எழுதுகிறேன்.

இரண்டு தவணையாகக் கட்டுவது உங்களுக்குச் சரியா என்று வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வரி எழுதினால் போதும். கணக்கில் அப்படியே பதிந்துவிடுவேன். தொலைபேசியில் பேச விரும்பினால், காலை பத்து மணிக்குப் பிறகு அச்சகத்தில் இருப்பேன்.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர்