மிக்ஸி 4,999 ரூபாய் என்றால் நீங்கள் தருவதும் 4,999 ரூபாய்தான்: விலை, வரி, பில் பற்றி

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வாட்ஸ்ஆப்பில் நாங்கள் அனுப்பும் விலைப் பட்டியலின் அடியில் இதுவரை "விலைகள் ஜிஎஸ்டி உட்பட. வரி விவரம் பில்லில் தனியாகக் காட்டப்படும்" என்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "4,999 போட்டிருக்கீங்க, வரியெல்லாம் சேர்த்துக் கடைசியில் எவ்வளவு வரும்?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். பணம் கட்டிய பிறகு பில்லில் வரி என்று ஒரு தொகையைப் பார்த்துவிட்டு, கூடுதலாக வாங்கிவிட்டோமோ என்று போன் செய்தவர்களும் உண்டு. ஆகவே அந்த வாசகத்தை எடுத்துவிட்டோம். இனி பட்டியலில் இப்படி இருக்கும்:

"இங்கே போட்டிருக்கும் விலைதான் நீங்கள் தரவேண்டிய முழுத்தொகை. ஜிஎஸ்டி இதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. பில் போடும்போது மேற்கொண்டு எதுவும் சேராது. இந்தத் தொகையில் பொருளுக்கு எவ்வளவு, வரி எவ்வளவு என்பதைப் பில்லில் பிரித்துக் காட்டுவோம். வெளியூருக்கு அனுப்புவதாக இருந்தால் பார்சல் கட்டணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவோம். அதிலும் வரி அடக்கம்."

பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பவர்களுக்கு மீதியையும் எழுதுகிறோம்.

கோவையில் நம் கடைக்கு வந்து ஒரு மிக்ஸியும் ஒரு குக்கரும் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மிக்ஸி 4,999, குக்கர் 1,850. கூட்டினால் 6,849. நீங்கள் கட்டுவது அவ்வளவுதான். பில்லில் அது இப்படி வரும்:

மிக்ஸி (18 சதவீதம்): வரிக்கு முந்தைய விலை 4,236.44, வரி 762.56, மொத்தம் 4,999.00
குக்கர் (5 சதவீதம்): வரிக்கு முந்தைய விலை 1,761.90, வரி 88.10, மொத்தம் 1,850.00
வரிக்கு முந்தைய மொத்தம்: 5,998.34
மத்திய ஜிஎஸ்டி: 425.33
மாநில ஜிஎஸ்டி: 425.33
நீங்கள் கட்டும் தொகை: 6,849.00

பில்லின் நடுவில் 5,998.34 என்று ஒரு தொகை வருகிறது அல்லவா, பலரும் அதைத்தான் உண்மையான விலை என்று எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் 850 ரூபாய் ஏற்றிவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள். நடப்பது இதற்கு நேர்மாறு. முதலில் இருப்பது 6,849. அதிலிருந்து வரியைப் பிரித்து எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் 5,998.34. அந்த 850.66 ரூபாயை உங்களிடம் வாங்கி அரசுக்குக் கட்டுவது எங்கள் பொறுப்பு. மத்திய அரசுக்குப் பாதி, மாநில அரசுக்குப் பாதி என்பதால் இரண்டு தொகையாக அச்சாகிறது. ஒரே வரியை இரண்டு தடவை வாங்கியதாக நினைக்க வேண்டாம். மிக்ஸிக்கான 18 சதவீதத்தில் 9 அங்கே, 9 இங்கே.

சரி, 4,999 ரூபாயில் 18 சதவீதம் என்றால் கால்குலேட்டர் 899.82 என்று காட்டுகிறதே, பில்லில் ஏன் 762.56 இருக்கிறது? கேட்க வேண்டிய கேள்விதான். 18 சதவீதம் கணக்கிடப்படுவது வரிக்கு முந்தைய விலையான 4,236.44 மீது. 4,999 ரூபாயில் ஏற்கெனவே வரி கலந்திருப்பதால் அதன்மீது மறுபடி 18 சதவீதம் போட்டால் வரிக்கும் வரி போட்டதாகிவிடும். நீங்களே சரிபார்க்க வேண்டுமானால் 4,999-ஐ 118-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்குங்கள். 762.56 வரும். குக்கருக்கு 105-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்க வேண்டும்.

குக்கருக்கு மட்டும் ஏன் குறைவு என்றால், அது அரசு வைத்திருக்கும் விகிதம். சமையல் பாத்திரங்களுக்கும் குக்கருக்கும் 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு 12 சதவீதமாக இருந்தது. அன்று முதல் 5 சதவீதம். அதற்கு முன்பு வாங்கிய பில்லை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால் வரி வேறாகத்தான் இருக்கும். மிக்ஸிக்கு அப்போதும் 18, இப்போதும் 18.

தள்ளுபடி இருந்தால், விலையைக் குறைத்த பிறகுதான் வரி பிரிக்கப்படும். அதே மிக்ஸிக்குப் பொங்கல் சலுகையாக 500 ரூபாய் கழித்தால் நீங்கள் தருவது 4,499; அதில் வரி 686.29. பழைய விலைக்கான வரியை அப்படியே வைத்துக்கொள்ள மாட்டோம்.

அப்புறம், பெட்டியில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச சில்லறை விலை. அதிலும் எல்லா வரியும் அடக்கம். சட்டப்படி அப்படித்தான் அச்சிட வேண்டும். அதற்குமேல் வரி என்று சொல்லி எந்தக் கடையிலும், நம் கடையிலும்கூட, ஒரு ரூபாய் கேட்டாலும் தர வேண்டியதில்லை.

பெங்களூருக்கோ பாலக்காட்டுக்கோ அனுப்பச் சொன்னால் பில்லில் மத்திய, மாநில என்ற இரண்டு வரிக்குப் பதிலாக ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி என்று ஒரே வரி வரும். விகிதம் மாறாது, தொகையும் மாறாது. மிக்ஸி 4,999, பார்சல் 150, மொத்தம் 5,149. இதற்குள் வரி 785.44. பார்சலுக்கும் மிக்ஸிக்கு உள்ள 18 சதவீதமே பொருந்துவதால் வரி சற்றுக் கூடித் தெரிகிறது. பணம் அனுப்பும் முன் இந்த 5,149 என்ற தொகையை உங்கள் வாட்ஸ்ஆப்புக்கு அனுப்பிவிடுவோம். அதை மட்டும் அனுப்பினால் போதும். கோவை மாநகருக்குள் வீட்டில் கொண்டுவந்து தருவதற்குக் கட்டணம் இல்லை.

இன்னொன்றும் அடிக்கடி கேட்கிறார்கள்: "பில் வேண்டாம், வரியைக் கழித்துக்கொண்டு கொடுங்களேன்." முடியாது. கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்களுக்குச் சட்டச் சிக்கல் என்பது ஒருபுறம் இருக்கட்டும். எட்டு மாதம் கழித்து மோட்டார் புகைந்தால் சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது பில்லைத்தான். வாங்கிய தேதியைக் காட்ட வேறு எதுவும் உங்கள் கையில் இருக்காது.

மெஸ், டீக்கடை, கேட்டரிங் நடத்துபவர்கள் கவனத்துக்கு: உங்களுக்கு ஜிஎஸ்டி எண் இருந்தால் பில் போடும் முன்பே கொடுத்துவிடுங்கள். கடையில் கட்டும் தொகை எல்லோருக்கும் உள்ளதே. ஆனால் எண் பில்லில் ஏறினால்தான் அந்த வரியை உங்கள் கணக்கில் வரவு எடுக்க வாய்ப்பு இருக்கும். உங்கள் தொழிலுக்கு அது கிடைக்குமா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 5 சதவீத வரி கட்டும் ஓட்டல்களுக்கு அந்த வரவு கிடையாது. பில் போட்ட பிறகு எண்ணைச் சேர்ப்பது எங்களுக்கும் உங்களுக்கும் அலைச்சல்.

பில்லில் ஏதாவது தொகை புரியவில்லை என்றால் அதைப் படம் எடுத்து இதே எண்ணுக்கு அனுப்புங்கள். காலை 10 மணி முதல் இரவு 8 மணி வரை கவுண்டரில் இருப்பவர் பார்த்துப் பதில் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை கடை மதியம் வரைதான்.