ஆங்கில இலக்கணச் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்கள்: தமிழ்வழி வகுப்பு ஆசிரியர்களுக்கு

ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை ஆங்கிலம் எடுக்கும் நாங்கள், எங்கள் தமிழய்யாவோடு உட்கார்ந்து தொகுத்த பட்டியல் இது. அகர வரிசையில் இல்லை. தொல்லை தராத சொற்களை முதலில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, வகுப்பில் குழப்பம் தருபவற்றைத் தனியாக எடுத்துக்கொண்டோம். தமிழ் இலக்கணத்தில் வேறு பொருள் உள்ள சொல்லை ஆங்கிலத்துக்குக் கடன் வாங்குவதில்லை என்பதே நாங்கள் வைத்துக்கொண்ட விதி.

அப்படியே பொருந்துபவை
நவுன் – பெயர்ச்சொல். வெர்ப் – வினைச்சொல். சப்ஜெக்ட் – எழுவாய். ஆப்ஜெக்ட் – செயப்படுபொருள். சிங்குலர், ப்ளூரல் – ஒருமை, பன்மை. கன்ஜங்ஷன் – இணைப்புச்சொல். ஆக்ஸிலியரி வெர்ப் – துணைவினை. டைரக்ட், இன்டைரக்ட் ஸ்பீச் – நேர்கூற்று, அயற்கூற்று.

ப்ரோநவுன் – பிரதிப்பெயர்ச்சொல்
'அவர்' என்ற மரியாதைச் சொல்லைப் பிள்ளைகள் 'தே' என்று எழுதுவார்கள். ஒருவரைக் குறித்தால் 'ஹீ' அல்லது 'ஷீ'தான் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். நாம், நாங்கள் இரண்டுக்கும் 'வீ' ஒன்றுதான்.

அட்ஜெக்டிவ் – பெயரடை. அட்வெர்ப் – வினையடை
உரிச்சொல் என்று சொல்லாதீர்கள். சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று தமிழ் வகுப்பில் படிக்கும் உரிச்சொல் வேறு. முதல் மணியில் ஒரு பொருள், மூன்றாம் மணியில் இன்னொரு பொருள் என்றால் பிள்ளை யாரை நம்புவது?

பிரடிகேட் – பயனிலை
தமிழில் பெயரே பயனிலையாக நிற்கும்: 'அவர் ஆசிரியர்.' அந்தப் பழக்கத்தில்தான் 'ஹீ டீச்சர்' என்று எழுதுகிறார்கள். ஆங்கில வாக்கியத்தில் வினை கட்டாயம், 'இஸ்' என்பதும் வினைதான் என்று கரும்பலகையில் இரண்டையும் மேலும் கீழுமாக எழுதிக் காட்டுங்கள்.

ப்ரெபொசிஷன் – முன்னிடைச்சொல்
தமிழில் இந்த வேலையை வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் நின்று செய்கிறது. 'வீட்டில்', 'பஸ்ஸில்', 'திங்கட்கிழமையில்' மூன்றுக்கும் ஒரே 'இல்'. ஆங்கிலத்தில் முறையே 'அட் ஹோம்', 'பை பஸ்', 'ஆன் மண்டே'. ஓர் உருபுக்கு ஒரு சொல் என்று அட்டவணை போட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஆர்ட்டிகிள் – ஆர்ட்டிகிள்
தமிழில் இப்படி ஒரு வகை இல்லை, பெயரும் தேவையில்லை. ஆனால் பொருள் இருக்கிறது. 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒன்று. 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால் நமக்குத் தெரிந்த அந்தப் புத்தகம். 'எ', 'த' வேறுபாட்டை இந்த இரண்டு வாக்கியங்களிலிருந்து தொடங்கலாம்.

டென்ஸ் – காலம்
இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்ற பெயர்களில் சிக்கலில்லை, பயன்பாட்டில்தான் இருக்கிறது. 'தினமும் ஆறு மணிக்கு எழுவேன்' என்பது தமிழில் எதிர்கால வடிவம். அதை 'ஐ வில் கெட் அப்' என்று மாணவர் எழுதினால், அவர் தமிழை ஒழுங்காகப் பெயர்த்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். சிவப்பு மையை எடுக்கும் முன், வழக்கமாக நடப்பதை ஆங்கிலம் நிகழ்காலத்தில் சொல்லும் என்று விளக்குங்கள்.

கன்டின்யுவஸ் – தொடர் வடிவம். பெர்ஃபெக்ட் – நிறைவு வடிவம். 'முற்று' வேண்டாம், வினைமுற்றோடு மோதும். ஒரு எச்சரிக்கை: 'நேற்று வந்திருக்கிறான்' தமிழில் சரி. ஆனால் 'ஹேஸ் கம்' பக்கத்தில் 'எஸ்டர்டே' வராது.

வாய்ஸ் – வினைப்பாங்கு
ஆக்டிவ் – செய்வினை. பாஸிவ் – செயப்பாட்டுவினை. சில கையேடுகள் தன்வினை, பிறவினை என்று போட்டிருக்கின்றன. தவறு. திருந்தினான் என்பது தன்வினை, திருத்தினான் என்பது பிறவினை; இரண்டுமே செய்வினைதான்.

ட்ரான்ஸிடிவ், இன்ட்ரான்ஸிடிவ் – செயப்படுபொருள் குன்றா வினை, குன்றிய வினை
பெயர் நீளம்தான், ஆனால் துல்லியம். வினையை வைத்து 'எதை?' என்று கேட்கச் சொல்லுங்கள். 'சமைத்தாள்' விடை தரும், 'தூங்கினாள்' தராது.

ஜெரண்ட் – தொழிற்பெயர்
நீந்துதல், படித்தல். பொருத்தமான சொல்.

பார்ட்டிசிபிள் – எச்சவினை
இதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். உடைந்த ஜன்னல் என்பதைப் பெயரெச்சம் எனலாம். 'சிரித்துக்கொண்டே வந்தான்' வினையெச்சம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர், தமிழில் இரண்டு. கடைசியில் பொதுப்பெயராக எச்சவினை என்று வைத்து, எடுத்துக்காட்டு வரும்போது எது என்று பிரித்துச் சொல்வதென முடிவு செய்தோம். தமிழய்யா இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை.