சுவருக்கு அந்தப் பக்கம் கிரைண்டர்: செல்வியக்காவுக்கு ஒரு வாட்ஸ்அப்

செல்வியக்கா, கலா பேசுறேன். கொஞ்சம் நீளமா வரும். கடையில கூட்டம் இருக்கும்போது திறக்காதீங்க, மத்தியானம் காலை நீட்டி உக்காந்துட்டுப் படிங்க. வாய்ஸ்ல சொல்லலாம்னுதான் பார்த்தேன். நீங்க எதையும் ஸ்பீக்கர்ல போட்டுத்தான் கேப்பீங்க, இட்லிக்கு நிக்கிற ஆளு பூரா நம்ம கதையக் கேட்டுட்டுப் போகும். வாசல்ல வச்சுச் சொன்னா காம்பவுண்டுல மிச்சம் இருக்கிற ஆறு வீட்டுக் காதும் இங்கிட்டுத்தான் இருக்கும். அதான் எழுதுறேன்.

விஷயம் கிரைண்டர். கோவமா எழுதுறேன்னு மட்டும் நினைச்சுறாதீங்க. சித்திரைத் திருவிழா முடிஞ்ச வாரம் அந்தப் பெரிய டில்டிங் கிரைண்டர் வந்து இறங்குனப்போ, பொட்டு வச்சு சூடம் காமிச்சவளே நான்தான். சின்ன கிரைண்டர்ல நாலு தடவ போட்டு எடுத்து உங்க தோள்பட்டை வீங்குனதையும் பார்த்திருக்கேன். அது வந்ததுல எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனா அது நிக்கிற இடம் நம்ம ரெண்டு வீட்டுக்கும் பொதுவா இருக்கிற சுவத்த ஒட்டி. ஒத்தச் செங்கல் சுவரு. அதுக்கு இந்தப் பக்கம் எங்க கட்டில் தலைமாடு. நடுவுல ஒரு சாண் கூட இல்ல. நீங்க சுவிட்சப் போட்டதும் முதல்ல சத்தம் வர்றதில்லக்கா, அதிர்வுதான் வருது. அலமாரிப் பலகையில ரெண்டு எவர்சில்வர் டம்ளர் பக்கத்துல பக்கத்துல இருக்கும், அது ரெண்டும் ஒண்ண ஒண்ணு இடிச்சு கிணுகிணுன்னு ஆரம்பிக்கும். இப்ப நடுவுல ஒரு பழைய கைக்குட்டைய மடிச்சு வச்சிருக்கேன். அடுத்தது, குழவி ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு 'டக்'. அந்த டக் ஒரே சீரா வந்தாலாவது பழகிப்போகும். நடுவுல ஒண்ணு விட்டுட்டு வரும், அடுத்தது எப்ப வருமோன்னு காது காத்துக்கிட்டே கிடக்கும்.

நேரமும் சொல்லிடுறேன், பொத்தாம் பொதுவா 'ராத்திரி பூரா'ன்னு சொன்னா அது நியாயமில்ல. போன செவ்வாய்க்கிழமை 11.40க்கு ஆரம்பிச்சு 1.30 வரைக்கும் ஓடுச்சு. வியாழக்கிழமை 12.10க்கு ஆரம்பிச்சு ரெண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நின்னுச்சு. நின்னதுக்கு அப்புறம் அலுமினியக் குண்டான தரையில இழுத்தீங்க பாருங்க, அந்த 'சர்ர்ர்'ருக்குத்தான் சின்னவன் எந்திரிச்சு அழுதான். மத்த நாளெல்லாம் நானும் அசதியில தூங்கிப்போறேன், கணக்கு வைக்கல.

எனக்கு மட்டும்னா இந்த மெசேஜே போட்டிருக்க மாட்டேன். எங்க வீட்டுக்காரருக்கு போன மாசத்துல இருந்து ரூட்ட மாத்திட்டாங்க. ஆரப்பாளையத்துல இருந்து கொடைக்கானல், முதல் ட்ரிப். வெள்ளன மூணேகாலுக்கு எந்திரிக்கணும். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பிச்சா வளைவுக்கு வளைவு ஸ்டியரிங்க ஒடிக்கணும், எதிர்ல டூரிஸ்ட் வண்டி எந்தப் பக்கம் வரும்னே தெரியாது. ஒன்பதரைக்குப் படுத்தாத்தான் அஞ்சேமுக்கால் மணி நேரமாவது தேறும். படுக்கிறாரு, நல்லாத்தான் தூங்குறாரு. 11.40க்கு முழிச்சவரு உள்ளங்கைய சுவத்துல வச்சுப் பார்த்துட்டு, "பெல்ட்டு லூசா இருக்கு"ன்னாரு. முப்பது வருஷமா இன்ஜின் சத்தம் கேட்ட காது, தூக்கத்துலயும் ரிப்பேர் பார்க்குது. அப்புறம் ஒன்றரை வரைக்கும் புரண்டுக்கிட்டே கிடந்தாரு. தூங்கா நகரம்னு சொல்லிச் சிரிக்காதீங்க, அந்த ஜோக்க அவரே சொல்லிட்டாரு.

கட்டில அங்கிட்டு மாத்திப் பார்த்தாச்சு. அந்தப் பக்கம் சாக்கடை, கொசு. ஹால்ல படுத்தா வாசல் கேட்டு சத்தம். பஞ்சு வச்சுப் பார்த்தாரு, அலாரம் கேக்கல, நான் எழுப்ப வேண்டியதாப் போச்சு.

'சாயங்காலமே ஆட்டிருங்க'ன்னு சொல்ல எனக்கு வாய் வரல. இந்த வெயிலுக்கு ஏழு மணிக்கு ஆட்டி வச்சா விடியுறதுக்குள்ள புளிச்சுப் பொங்கி மூடியத் தள்ளிட்டு நிக்கும், காலையில இட்லி வாயில வைக்க முடியாது. அதுபோக நீங்க கடைய எடுத்து வச்சு, சாமான் கழுவி, வீடு வர்றதே பத்தேமுக்கால். அதுக்கு அப்புறம்தானே கிரைண்டருக்கே போக முடியும். நீங்க எப்பத்தான் தூங்குறீங்கன்னு எனக்கே விளங்கல.

அதனால நான் யோசிச்சது இது. சரிப்படாதுன்னா சொல்லுங்க, வேற பார்க்கலாம்.

சத்தம் பூரா அரிசி ஆட்டும்போதுதான்க்கா. உளுந்து மெத்துன்னு போயிருது, அரை மணி நேரம் ஓடுனாலும் அவ்வளவா தெரியல. அரிசியப் போட்ட முதல் கால் மணி நேரந்தான் கரகரன்னு சுவரையே பிடிச்சு உலுக்குது. அதனால அரிசிய மட்டும் ராத்திரி எட்டரை மணிக்கே நான் ஆட்டி வச்சிடுறேன். நான் வீட்டுலதான இருக்கேன், சீரியல் பார்க்கிற நேரம்தான். நீங்க சாயங்காலம் கடைக்குப் போகும்போது அரிசிய நனைச்சு வச்சு, சாவிய எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க. நாலு படியும் ஒரே குண்டான்ல கொள்ளாது, ரெண்டு வாளியா எடுத்து எங்க ஃப்ரிட்ஜுல வச்சிடுறேன். காய்கறி ட்ரேயக் கழட்டிட்டா கீழ ரெண்டு வாளி தாராளமா நிக்கும், அளந்தே பார்த்துட்டேன். நீங்க வந்ததும் உளுந்த மட்டும் போட்டு, பதினொன்னரைக்கெல்லாம் கரைச்சு வச்சிறலாம். அரிசி மாவு சில்லுன்னு இருக்கிறதால சேர்த்துக் கரைச்சாலும் சட்டுன்னு பொங்காது, ஏழு மணிக் கடைக்குக் கணக்கா வரும்னு நினைக்கிறேன். பயமா இருந்தா முதல் நாள் ஒரு படி மட்டும் இந்த மாதிரி போட்டுப் பார்ப்போம். பக்குவம் தப்பிச்சுன்னா அந்த ஒரு படி மாவுக்கு நான் பொறுப்பு, எங்க வீட்டுல ரெண்டு நாளைக்கு ஊத்தப்பந்தான்.

உளுந்த முதல்ல ஆட்டி, கழுவாம அதே கல்லுல அரிசியப் போடுறதுதான் வழக்கம்னு எனக்கும் தெரியும். இதுல நடுவுல ஒருக்கா கழுவ வேண்டி வரும். அரிசி முடிஞ்சதும் கல்லையும் டிரம்மையும் நானே கழுவிக் கவுத்திருவேன்.

தினமும் இப்படிப் பண்ணணும்னும் இல்ல. அவருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் டூட்டி. டூட்டிக்கு முந்தின ராத்திரி மட்டும் பதினொன்னரைக்கு ஓஞ்சா போதும். மத்த நாள் பன்னெண்டரை ஆனாலும் நாங்க சமாளிச்சுக்குவோம். எது எந்த நாள்னு கணக்கு வச்சுக் குழம்ப வேணாம்: விடிஞ்சா டூட்டின்னா எங்க வாசக் கொடியில அவரு யூனிஃபார்ம் சட்டைய அயர்ன் பண்ணித் தொங்க விட்டிருப்பேன். நீங்க வண்டியத் தள்ளிட்டு உள்ள வரும்போது கண்ணுல படும். சட்டை தொங்குச்சுன்னா உளுந்து மட்டும், இல்லன்னா உங்க இஷ்டம்.

அடுத்தது அந்த 'டக்'. கிரைண்டருக்கு நாலு காலுல ஒண்ணுல ரப்பர் புஷ் இல்லக்கா, அன்னிக்குத் தேங்காய் வாங்க வந்தப்போ குனிஞ்சு பார்த்தேன். இரும்பு நேரா சிமெண்டுத் தரையில நிக்குது. அவரு பழைய டயர்ல நாலு துண்டு வெட்டி வச்சிருக்காரு, உள்ளங்கை அகலம், ரெண்டு விரல் கனம். ஞாயித்துக்கிழமை அவருக்கு லீவு. பத்து மணிக்கு அண்ணனும் தம்பியும் ஒரு கை கொடுத்தா கிரைண்டரத் தூக்கி அடியில வச்சிரலாம், அப்படியே பெல்ட்டையும் இறுக்கிருவாரு. சுவத்த விட்டு ஒரு முழம் தள்ளி வைக்கணும்னா வயர் எட்டாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேணாம், மோட்டார் லோடுக்குச் சூடாகும். எலக்ட்ரீசியனக் கூப்பிட்டு பிளக் பாயிண்ட அந்தப் பக்கச் சுவத்துக்கு மாத்திக்கலாம். அந்தச் செலவுல பாதி எங்களோடது, வேணாம்னு சொல்லக் கூடாது.

குண்டானுக்கு அடியில மட்டும் ஒரு சாக்கப் போட்டு இழுங்க. அது போதும்.

ரேடியோவ நிப்பாட்டிறாதீங்க. மாவு தள்ளிக்கிட்டே நீங்க கூடச் சேர்ந்து பாடுறது லேசாக் கேக்கும், அது எனக்குப் பிடிக்கும். சரணத்துல மட்டும் வார்த்தைய மாத்திப் பாடுறீங்க.

நாங்க மட்டும் என்ன ஊமையாவா இருக்கோம். வெள்ளன மூணரைக்கு அவருக்குச் சட்னி அரைக்க நான் மிக்ஸி போடுறேன், நீங்க படுத்து ஒன்றரை மணி நேரந்தான் ஆகியிருக்கும். இத்தனை நாள் நீங்க ஒரு வார்த்தை சொல்லல, எனக்கும் உறைக்கல. இதை எழுதும்போதுதான் தோணுச்சு. இனிமே முதல் நாளே அரைச்சு ஃப்ரிட்ஜுல வச்சிடுறேன். அவரு வண்டியையும் சந்துக்குள்ள ஸ்டார்ட் பண்ணாம ரோடு வரைக்கும் தள்ளிட்டுப் போகச் சொல்லிட்டேன். வேற ஏதாவது எங்க பக்கத்துல இருந்து கேட்டுச்சுன்னா நீங்களும் இப்படியே எழுதிப் போடுங்க.

இன்னொண்ணு. ஹவுஸ் ஓனர்கிட்ட நான் எதுவும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். கடைசி வீட்டுத் தாத்தாதான், "பத்து மணியில இருந்து ஆறு மணி வரைக்கும் சட்டப்படி ராத்திரி, நூறுக்கு ஒரு போனப் போடு"ன்னாரு. நான் சொன்னேன், "தாத்தா, எங்க மாமியா கிடந்த கிடையில மூணு மாசம் இட்லிய மசிச்சுக் கொண்டாந்து ஊட்டுனது அந்த வீட்டுக்காரி"ன்னு. மனுஷன் பேப்பர மூஞ்சிக்கு நேரா தூக்கிப் பிடிச்சிட்டாரு. அவரு ஏதாச்சும் உங்ககிட்ட வந்து சொன்னா, அது நான் சொல்லி விட்டதில்ல.

படிச்சுட்டு மனசுல ஏதாவது பட்டுச்சுன்னா நேரா வீட்டுக்கு வந்து வைங்க, வாங்கிக்கிறேன். பேசாம மட்டும் இருந்துறாதீங்க. சரின்னா இன்னிக்கே ஒரு படி அரிசிய நனைச்சு வச்சுட்டுப் போங்க, நாளைக்கு அவருக்கு டூட்டி, சட்டை கொடியில தொங்கும்.

உங்க தூக்குவாளியும் மூடியும் எங்கிட்டத்தான் இருக்கு, போன வாரம் சாம்பார் குடுத்தது. மூடிய ரெண்டு நாளாத் தேடுறதா தம்பி சொன்னான். சாவி வாங்க வரும்போது கொண்டாறேன்.

கலா