சுங்குடிக் கடைத் திறப்பு விழா நோட்டீஸ்: மாற்றி எழுதியது

மாமா, வணக்கம். அச்சகத்துக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி நீங்க அனுப்பின நோட்டீஸைப் படிச்சேன். இப்படி ஆரம்பிக்குது:

"நிகழும் மங்களகரமான பராபவ வருஷம் ஆவணி மாதம் ஞாயிற்றுக்கிழமை காலை சுபமுகூர்த்த சுபவேளையில், எல்லாம் வல்ல அன்னை மீனாட்சியின் திருவருளாலும் பெரியோர்களின் நல்லாசியாலும், விளக்குத்தூண் அருகில், எங்களது செல்லத்தாய் சுங்குடி மாளிகை இனிதே உதயமாக இருப்பதால், தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து சிறப்பிக்க வேண்டுகிறோம். அதிரடி தள்ளுபடி 50% வரை! முந்துங்கள்!"

கல்யாணப் பத்திரிகைக்கு இது அழகு. பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஒரு கையில பையும் இன்னொரு கையில பிள்ளையுமா நிக்கிற அக்காவுக்கு இதை முழுசாப் படிக்க நேரமில்லை. தேதி எங்கே, என்ன விலை, எப்படிப் போறதுன்னு அவங்க கண்ணு தேடும்போது அது அங்கே இருக்கணும். "விளக்குத்தூண் அருகில்"னு அந்த வட்டாரத்தில் எத்தனையோ கடைக்காரங்க போட்டிருக்காங்க. அதைவிட முக்கியம், கடை முதல் மாடியில் இருக்குன்னு நோட்டீஸில் எங்கேயும் இல்லை. தரைத்தளத்தைப் பார்த்துட்டு இது பாத்திரக் கடைன்னு நடந்து போயிடுவாங்க.

50% பத்தி ஒரு வார்த்தை. பாதி விலை பழைய டிசைன் ஷிஃபான் சேலைக்கு மட்டும்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப அதை அப்படியே எழுதிடணும். சுங்குடி பாதி விலைன்னு நம்பி மாடியேறி வந்தவங்க ஏமாந்து இறங்கினா, அந்த முகத்தோடதான் கடையை ஞாபகம் வெச்சிருப்பாங்க. முதல் நாளே அந்தப் பேர் நமக்கு வேண்டாம்.

விருந்தினர் பேர் வரிசையை எடுத்துட்டேன். அவங்களுக்கு நேர்ல போய்த் தனி அழைப்பிதழ் கொடுக்கறதுதான் மரியாதை. பாட்டி விளக்கேத்தறதை மட்டும் வெச்சிருக்கேன். மாத்தி எழுதினது கீழே.

முன்பக்கம்

அன்னை மீனாட்சி துணை

செல்லத்தாய் சுங்குடி மாளிகை
புதிய கடை திறப்பு விழா

23 ஆகஸ்ட் 2026, ஞாயிறு
குத்துவிளக்கு ஏற்றுதல்: காலை 9.00 மணி. எங்கள் வீட்டுப் பெரியவர், பாட்டி ஏற்றிவைக்கிறார்.
விற்பனை தொடக்கம்: காலை 10.30 மணி

எங்கே?
தெற்கு மாசி வீதி, மதுரை. முதல் மாடி.
விளக்குத்தூணுக்கு மிக அருகில், பாத்திரக் கடைக்கு மேலே. மாடிப்படி பாத்திரக் கடைக்கும் பூக்கடைக்கும் நடுவில், பச்சைப் பலகையின் கீழே.

திறப்பு விழா விலை: ஞாயிறு, திங்கள், செவ்வாய் (ஆகஸ்ட் 23, 24, 25) மட்டும்

காட்டன் சுங்குடி சேலை: ரூ.650 அல்ல, ரூ.520
வேட்டி, துண்டு செட்: ரூ.480 அல்ல, ரூ.400
காட்டன் நைட்டி: ஒன்று ரூ.290. மூன்று எடுத்தால் ரூ.750
பழைய டிசைன் ஷிஃபான் சேலை: பாதி விலை. இருப்பு உள்ளவரை. வேறு எந்தத் துணிக்கும் பாதி விலை கிடையாது.
ரூ.2,000க்கு மேல் வாங்குவோருக்கு ஒரு கைத்தறித் துண்டு இலவசம்.

கைமுடிச்சுச் சுங்குடிக்குத் தள்ளுபடி இல்லை. ஒவ்வொரு புள்ளியும் துணியைக் கிள்ளி, நூலால் கட்டி, சாயத்தில் தோய்த்து எடுத்தது. மதுரையின் சௌராஷ்டிரக் குடும்பங்கள் வழிவழியாகச் செய்துவரும் வேலை இது. மதுரை சுங்குடி 2005-ல் புவிசார் குறியீடு பெற்றது. கைமுடிச்சுக்கும் அச்சுச் சுங்குடிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேளுங்கள். இரண்டையும் விரித்து வைத்துக் காட்டுகிறோம். வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பின்பக்கம்

கடை நேரம்
திங்கள் முதல் சனி வரை: காலை 9.30 முதல் இரவு 9.30 வரை
ஞாயிறு: காலை 10.00 முதல் இரவு 8.00 வரை (திறப்பு நாளில் மட்டும் காலை 10.30 முதல்)
மதியம் கடை அடைப்பதில்லை. வார விடுமுறை இல்லை.

எப்படி வருவது?

பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து: தெற்கு மாசி வீதிக்குள் வந்து கிழக்கே நேராக நடங்கள். விளக்குத்தூண் வருவதற்குச் சற்று முன்பே, வலது கைப்பக்கம் கடை. விளக்குத்தூணைத் தொட்டுவிட்டால் கடையைத் தாண்டிவிட்டீர்கள்.

மீனாட்சி அம்மன் கோயிலிலிருந்து: தெற்கு கோபுர வாசலில் இறங்கி, கோயிலுக்கு முதுகு காட்டித் தெற்கே நடங்கள். தெற்குச் சித்திரை வீதி, தெற்கு ஆவணி மூல வீதி இரண்டையும் தாண்டினால் தெற்கு மாசி வீதி. அங்கே இடது பக்கம் திரும்புங்கள். கடை வலது கைப்பக்கம்.

கீழவாசல் பக்கமிருந்தும் திருமலை நாயக்கர் மகால் பக்கமிருந்தும்: விளக்குத்தூண் வரை வந்து தெற்கு மாசி வீதிக்குள் திரும்புங்கள். திரும்பியதும் இடது கைப்பக்கம் கடை.

ஆட்டோவில்: "விளக்குத்தூண், தெற்கு மாசி வீதி முனை" என்று சொன்னால் போதும்.

காரில்: கடை வாசலில் கார் நிறுத்த இடமில்லை. வடக்கு ஆவணி மூல வீதியில் உள்ள மாநகராட்சி அடுக்கு வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டு வரலாம்.

வழி தெரியவில்லை என்றால், திறப்பு விழா மூன்று நாளும் விளக்குத்தூண் அருகே எங்கள் கடைப் பையன்கள் நீலச் சட்டையில் நிற்பார்கள். கேளுங்கள், கூட்டிவருவார்கள்.

படி ஏற முடியாத பெரியவர்களுக்கு: கீழே நாற்காலி போட்டிருக்கிறோம். ஒரு குரல் கொடுங்கள், சேலையைக் கீழேயே கொண்டுவந்து காட்டுகிறோம்.

பில்லோடு 7 நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம். விலைச் சீட்டைக் கிழிக்காமல் கொண்டுவாருங்கள். ரொக்கம், கார்டு, ஜிபே எல்லாம் உண்டு.

இவ்வளவுதான் நோட்டீஸ் மாமா. ஃப்ளெக்ஸுக்கு இதையே போடாதீங்க. பைக்கில் போறவங்க திரும்பிப் பார்க்கற நேரத்துக்குள்ள படிச்சாகணும். அதனால அஞ்சே வரி:

செல்லத்தாய் சுங்குடி மாளிகை
ஆகஸ்ட் 23, ஞாயிறு, காலை 10.30
சுங்குடி சேலை ரூ.520 (3 நாள் மட்டும்)
தெற்கு மாசி வீதி, விளக்குத்தூண் அருகில்
பாத்திரக் கடைக்கு மேலே, முதல் மாடி ↑

சொந்தக்காரங்களுக்கும் பழைய வாடிக்கைக்காரங்களுக்கும் வாட்ஸப்பில் அனுப்ப இது:

"வணக்கம். தெற்கு மாசி வீதியில், விளக்குத்தூண் பக்கத்துல நம்ம சுங்குடிக் கடை ஆகஸ்ட் 23 ஞாயிறு திறக்கறோம். காலை 9 மணிக்கு விளக்கேத்தறோம், 10.30க்கு விற்பனை. பாத்திரக் கடைக்கு மேலே, முதல் மாடி. முதல் மூணு நாள் காட்டன் சுங்குடி ரூ.520. வீட்டோட வாங்க, காபி சாப்பிட்டுட்டுப் போகலாம்."

அச்சகத்தில் புரூஃப் வந்ததும் விலையையும் தேதியையும் நீங்களே ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க. படிக்கட்டுப் பக்கத்தில் பச்சைப் பலகை மாட்டின பிறகுதான் நோட்டீஸ் விநியோகம் பண்ணணும். அதுவரைக்கும் கட்டு வீட்டிலேயே இருக்கட்டும். பாட்டிகிட்ட நோட்டீஸை நான் படிச்சுக் காட்டிட்டேன். விளக்கேத்தற வரியில் "பெரியவர்"னு இருக்கறது அவங்களுக்குப் பிடிச்சிருக்கு.